பேராசிரியருக்கு எழுதும் செய்தியைத் திருத்தி அமைப்பது எப்படி: சந்திப்புக்கும் கால நீட்டிப்புக்குமான முழுமையான வழிகாட்டி

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு பயிலும் ஒரு மாணவி, தம் ஆய்வேட்டு நெறியாளருக்கு இரவு 10.50 மணிக்கு வாட்ஸ்அப்பில் இவ்வாறு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"சார் ஃப்ரீயா? உங்கள பாக்கணும் சார். சாப்டர் 2ல டவுட் இருக்கு. எப்ப வரட்டும் சார்?"

இதே சொற்களைத் துறையின் தாழ்வாரத்தில் நேருக்கு நேர் நின்று கேட்டிருந்தால் எந்தப் பேராசிரியரும் முகம் சுளித்திருக்க மாட்டார். பேச்சில் "வரட்டுமா" என்பது அனுமதி கேட்கும் பணிவான வடிவமே. குரல் தாழ்வதும், சற்றுத் தள்ளி நிற்பதும், "சார்" என்ற சொல் இழுத்து ஒலிப்பதும் சேர்ந்து அந்தப் பணிவை முழுமையாக்குகின்றன. எழுத்துக்கு வரும்போது அவை எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. "பாக்கணும்" என்ற தேவை மட்டும் மிஞ்சி, அது கட்டளையைப் போல ஒலிக்கிறது. ஆகவே இந்த மாணவிக்குப் பணிவு குறைவு என்று சொல்வதற்கில்லை. பேச்சில் உடலும் குரலும் செய்த வேலையை எழுத்தில் வாக்கிய அமைப்பும் தகவலும் செய்ய வேண்டும் என்பதை அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை.

இந்த வழிகாட்டி மேற்கண்ட செய்தியையும், கால நீட்டிப்புக் கேட்கும் மற்றொரு செய்தியையும் படிப்படியாகத் திருத்திக் காட்டுகிறது. மாணவர்களின் செய்திகளைத் திருத்தித் தரும்போது நான் பின்பற்றும் வரிசையையே இங்கும் பின்பற்றுகிறேன்: முதலில் விடுபட்ட தகவல், அடுத்து வேண்டுகோள் வாக்கியம், அதன் பிறகே விளிப்பும் மரியாதைச் சொற்களும். பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். "பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும் உரிய" என்று தொடங்கிவிட்டு, எதற்காகச் சந்திக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள்.

முதல் படி: செய்தியில் எது இல்லை என்று பார்த்தல்

மாணவியின் செய்தியைப் பெறும் பேராசிரியரின் இடத்தில் இருந்து அதைப் படித்துப் பாருங்கள். எண் அவருடைய கைப்பேசியில் பதிவாகியிருக்காவிட்டால், எழுதியவர் யார் என்றே தெரியாது. "டவுட்" என்பது ஐந்து நிமிடத்தில் தீரும் ஐயமா, இயல் முழுவதையும் மாற்ற வேண்டிய சிக்கலா என்பதும் தெரியாது. "எப்ப வரட்டும்" என்ற கேள்வி, நாள்காட்டியைத் திறந்து, தம் வகுப்புகளையும் கூட்டங்களையும் பார்த்து, மாணவிக்கு வகுப்பு இல்லாத நேரத்தையும் ஊகித்து விடைசொல்லும் பொறுப்பை முழுவதுமாக அவர்மீது ஏற்றிவிடுகிறது. பல வேளைகளில் பதில் வராமல் போவதற்குக் கோபம் காரணமாக இருப்பதில்லை. பதில் சொல்வதற்கு முன் அவர் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்த செய்தி அப்படியே கீழே இறங்கிவிடுகிறது.

எனவே திருத்துவதற்கு முன் மாணவி ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதிக்கொள்ள வேண்டும். என்ன முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்? அதைப் பேச எவ்வளவு நேரம் போதும்? எந்த நாளுக்குள் விடை தெரிந்தால் என் வேலை நிற்காமல் நடக்கும்? நம் எடுத்துக்காட்டில் இவர் கடற்கரை ஊர் ஒன்றில் மீனவர் வழக்குச் சொற்கள் 140ஐத் திரட்டியிருக்கிறார். அவற்றைத் தொழில்வாரியாகப் பிரிப்பதா, பொருள்வாரியாகப் பிரிப்பதா என்பதுதான் அவருடைய "டவுட்". இந்த ஒரு வரியை எழுதியவுடனேயே செய்தியின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. எழுத முடியவில்லை என்றால், சந்திப்பைக் கேட்பதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். இயலை மறுபடி படித்து, ஐயம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் பார்த்தாலே நெறியாளருக்கு எந்தப் பாடவேளைகளில் வகுப்பு இல்லை என்பது தெரிந்துவிடும். அவற்றில் தமக்கும் வகுப்பில்லாத இரண்டு நேரங்களைத் தேர்ந்து குறிப்பிட வேண்டும். ஒரே நேரத்தைக் குறிப்பிட்டால் அது நிர்ப்பந்தமாகிவிடும். ஐந்தாறு நேரங்களை அடுக்கினால் தேர்ந்தெடுக்கும் வேலை மறுபடியும் அவருடையதாகிவிடும்.

இரண்டாம் படி: வேண்டுகோள் வாக்கியத்தை அமைத்தல்

இந்த இடத்தில்தான் அதிகம் நின்று யோசிக்க வேண்டும். தமிழில் வேண்டுகோளுக்குப் பல வடிவங்கள் உண்டு. பார்வைக்கு எல்லாமே பணிவாகத் தோன்றினாலும் அவை கேட்பவருக்கு விட்டுவைக்கும் இடம் வேறு வேறு.

"நேரம் கொடுங்கள்" என்பது மரியாதைப் பன்மை ஏற்ற ஏவல். விகுதி மரியாதையாக இருந்தாலும் அது ஏவல்தான்; எழுத்தில் தனித்து நிற்கும்போது அது நன்றாகவே புலப்படும். "நாளை 11 மணிக்கு வருகிறேன்" என்பது வேண்டுகோளே அன்று, அறிவிப்பு.

மாணவர்கள் மிகவும் பணிவானது என்று நம்பி எழுதும் வடிவம் "நேரம் ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பது. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து கைக்கு வந்த தொடர் அது. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் "வரிசையில் நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அலுவலக அறிவிப்புகள் எழுதும் அதே அமைப்புத்தான் இது என்பதைக் கவனியுங்கள். "மாறு" என்ற ஈறு, கேட்பவர் செய்தே தீருவார் என்ற எதிர்பார்ப்பை உள்ளே வைத்திருக்கிறது. "இயலாது" என்று விடைசொல்ல அந்த வாக்கியத்தில் வழியில்லை. துணைவேந்தர் அலுவலகத்துக்கோ தேர்வுப் பிரிவுக்கோ எழுதும் விண்ணப்பத்தில் இந்த அமைப்பே பொருந்தும். தம் பேராசிரியரிடம் 15 நிமிடம் கேட்பதற்கு இது அவ்வளவு பொருத்தமன்று என்பது என் கருத்து.

நான் பரிந்துரைப்பது கேள்வி வடிவம்: "தங்களைச் சந்திக்க இயலுமா?", "அளிக்க அனுமதிப்பீர்களா?" இவை "ஆம்" என்பதற்கும் "இல்லை" என்பதற்கும் சம அளவில் இடம் தருகின்றன. மறுக்கும் உரிமையைப் பெறுநரின் கையில் கொடுப்பதுதான் வேண்டுகோளில் மரியாதை இருக்கும் இடம். "தாழ்மையுடன்", "பணிவன்புடன்" என்ற அடைகள் அந்த உரிமையைத் தருவதில்லை. கேள்வி வடிவம் மிகவும் வெறுமையாக இருப்பதாகத் தோன்றினால் "இயலுமா என அறிய விரும்புகிறேன்" என்று நீட்டலாம். அதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

"முடியுமா" என்பதற்கும் "இயலுமா" என்பதற்கும் பொருளில் வேறுபாடு இல்லை. ஆயினும் "உங்களால் முடியுமா" என்று எழுதினால் ஆற்றலைச் சோதிப்பது போன்ற ஒரு சாயல் வந்துவிடுகிறது. ஆகவே "உங்களால்" என்பதை விட்டுவிட்டு, "சந்திக்க இயலுமா" என்று செயலைச் சுற்றியே கேள்வியை அமைப்பது நல்லது.

மூன்றாம் படி: விளிப்பு, பெயர், எழுத்துப்பிழை

வகுப்பில் "ஐயா", "அம்மா" என்று அழைக்கும் துறையில் கடிதத்திலும் அவ்வாறே எழுதலாம். "சார்", "மேடம்" என்று அழைக்கும் துறையில் "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்குவது இயல்பாக இருக்கும். "அன்புள்ள" என்பது நெருக்கமானவர்களுக்கு உரியது. நெறியாளருடன் பல ஆண்டுப் பழக்கம் உள்ள முனைவர் பட்ட ஆய்வாளர் எழுதலாம், முதலாண்டு மாணவர் எழுதுவது பொருந்தாது.

பெயரையும் சேர்த்து எழுதினால் தலைப்பெழுத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். தந்தை பெயர் "க"வில் தொடங்கும் ஒருவர் "க." என்றும் எழுதலாம், ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு "கே." என்றும் எழுதலாம். அவர் தம் கட்டுரையிலோ அறைக் கதவின் பெயர்ப்பலகையிலோ எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே எழுதுங்கள். "முனைவர்" என்று எழுதியபின் "திரு" என்று இன்னொரு அடை தேவையில்லை.

"தாங்கள், தங்கள்" என்று தொடங்கினால் கடைசி வரை அப்படியே செல்ல வேண்டும். "நீங்கள், உங்கள்" என்று தொடங்கினாலும் அவ்வாறே. இரண்டும் மரியாதையானவைதாம். இடையில் மாறுவதும், "தாங்கள்" என்று எழுதிய வாக்கியத்தை "சொல்லுங்க" என்று முடிப்பதும்தான் உறுத்துகின்றன.

அடிக்கடி காணும் பிழைகள் சில: "மதிப்பிற்குறிய" என்பது தவறு, "மதிப்பிற்குரிய" என்பதே சரி. "ஐய்யா" தவறு, "ஐயா" சரி. "அனுப்புனர்" தவறு, "அனுப்புநர்" சரி. கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது "கேட்டுக்கொள்கிறேன்" என்பதில் "ள்" இருக்கும் இடத்தில் "ல்" விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடும். அனுப்பும் முன் அந்த ஒரு சொல்லையாவது திரும்பப் படியுங்கள்.

திருத்திய சந்திப்பு வேண்டுகோள்

மின்னஞ்சலாக அனுப்பினால் மாணவியின் செய்தி இவ்வாறு அமையும்.

> பொருள்: ஆய்வேட்டின் இரண்டாம் இயல் குறித்துச் சந்திக்க நேரம் வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,
>
> வணக்கம். தங்கள் நெறியாள்கையில் மீனவர் வழக்குச் சொற்கள் குறித்து ஆய்வேடு எழுதும் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி எழுதுகிறேன். திரட்டிய 140 சொற்களைத் தொழில்வாரியாகப் பிரிப்பதா, பொருள்வாரியாகப் பிரிப்பதா என்பதில் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. பத்துச் சொற்களை இரண்டு முறைகளிலும் வகைப்படுத்திப் பார்த்து, அந்த இரண்டு பக்கங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> இது குறித்துப் பேச 15 நிமிடம் போதுமானது. வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணிக்கோ, புதன்கிழமை காலை 10 மணிக்கோ தங்களைத் துறையில் சந்திக்க இயலுமா? இந்த நேரங்கள் தங்களுக்கு ஏற்றவையாக இல்லையெனில், தாங்கள் குறிப்பிடும் நேரத்தில் வருகிறேன்.
>
> நன்றி.
>
> (பெயர், வகுப்பு, பதிவெண்)

பத்துச் சொற்களை வகைப்படுத்திப் பார்த்த இரண்டு பக்கங்களை இணைத்திருப்பதுதான் இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, சந்திக்காமலேயே "பொருள்வாரியாகச் செய்யுங்கள்" என்று ஒரு வரியில் விடை தரக்கூடும். அப்படி வந்தால் வருந்த வேண்டியதில்லை. மாணவி கேட்க விரும்பியது அந்த விடையைத்தான். "செவ்வாய் 2 மணி" என்ற ஒரு சொற்றொடரால் பேராசிரியர் பதிலை முடித்துவிடலாம் என்பதையும் கவனியுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பொருள் வரி வேண்டாம். மற்றவை அப்படியே இருக்கலாம். வணக்கத்தை ஒரு செய்தியாகவும், பெயரை ஒரு செய்தியாகவும், கேள்வியை ஒரு செய்தியாகவும் துண்டு துண்டாக அனுப்பாமல், முழுவதையும் ஒரே செய்தியாக அனுப்ப வேண்டும். "வணக்கம் சார்" என்று மட்டும் எழுதிவிட்டு அவர் பதில் வணக்கம் சொல்லும் வரை காத்திருப்பது பணிவு என்று பலர் எண்ணுகிறார்கள்; பெறுபவருக்கோ அது விடையில்லாத ஒரு கேள்வியாகவே நிற்கிறது. குரல் பதிவு வேண்டாம். இரவு 10.50க்கு எழுதி முடித்திருந்தாலும் காலை 9 மணிக்குப் பிறகு அனுப்புங்கள்.

கால நீட்டிப்பு: வேறு வகையான வேண்டுகோள்

சந்திப்பைக் கேட்பது பேராசிரியரின் நேரத்தைக் கேட்பது. கால நீட்டிப்பைக் கேட்பதோ, எல்லா மாணவர்களுக்கும் அவர் வைத்த விதியில் ஒருவருக்கு மட்டும் விலக்குக் கேட்பது. அதனால் இதை எழுதும் முறையும் வேறுபடுகிறது. இங்கே அவர் எடைபோடும் கேள்விகள் மூன்று: காரணம் உண்மையா, மற்றவர்களுக்கு இது நியாயமாக இருக்குமா, எனக்கு மேலிருந்து வரும் கெடுவுக்குள் இது அடங்குமா?

மூன்றாவது கேள்வியை மாணவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு தாளுக்குரிய 100 மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீட்டுக்கும் 75 பருவத் தேர்வுக்கும் உரியவை. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கீடு மாறும். அசைன்மென்ட் என்று நாம் சொல்லும் ஒப்படைப்பு அந்த அகமதிப்பீட்டின் ஒரு பகுதி. அகமதிப்பெண்களைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்புவதற்குப் பேராசிரியருக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளுக்கு முன் அவர் தாள்களைப் படித்து மதிப்பெண் இட்டாக வேண்டும். ஆகவே நீங்கள் கேட்கும் நாள் அந்தக் கெடுவைத் தொட்டால், மனம் இருந்தாலும் அவரால் ஒப்புக்கொள்ள இயலாது. கேட்பதற்கு முன் அந்த நாளைத் துறை அலுவலகத்திலோ வகுப்புப் பிரதிநிதியிடமோ கேட்டறிந்து, அதற்குப் பல நாள் முன்னதாக முடியும்படி உங்கள் புதிய நாளைக் குறியுங்கள்.

திருத்த வேண்டிய செய்தி இது:

"மேடம் ஃபீவர். அசைன்மென்ட் மண்டே சப்மிட் பண்ண முடியாது. டூ த்ரீ டேஸ் டைம் குடுங்க மேடம் ப்ளீஸ்."

இதில் உள்ள முதல் குறை "டூ த்ரீ டேஸ்" என்பது. இரண்டு நாளா மூன்று நாளா என்று எழுதுபவருக்கே தெரியாத நிலையில், ஒப்புக்கொள்பவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார்? நாளும் கிழமையும் மணியும் சேர்ந்து வர வேண்டும். இரண்டாவது, இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பது இல்லை. தொடங்காமலே காலம் கேட்கிறாரோ என்ற ஐயம் அதனால் எழும். மூன்றாவது, மறுத்தால் என்ன செய்வார் என்பது இல்லை. "முடியாது" என்று சொல்லிவிட்ட மாணவரிடம், மறுக்கும் பேராசிரியர் எதை எதிர்பார்க்க இயலும்?

> பொருள்: நன்னூல் தாள் ஒப்படைப்புக்கு 3 நாள் கால நீட்டிப்பு வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். தங்களிடம் நன்னூல் தாள் பயிலும் முதுகலை முதலாண்டு மாணவன் எழுதுகிறேன். 14ஆம் தேதி திங்கட்கிழமை அளிக்க வேண்டிய ஒப்படைப்பை அன்று முழுமையாக அளிக்க இயலாத நிலையில் இருக்கிறேன். வியாழக்கிழமை முதல் காய்ச்சலாக இருக்கிறது. மருத்துவச் சீட்டு வைத்திருக்கிறேன். பத்துப் பக்கங்களில் ஆறு பக்கங்கள் எழுதியுள்ளேன். வேற்றுமைப் புணர்ச்சிக்கான எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து எழுதுவது எஞ்சியுள்ளது.
>
> 17ஆம் தேதி வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் அளிக்க அனுமதிப்பீர்களா? தாமதத்துக்கு மதிப்பெண் குறைப்பது வழக்கமெனில் அதை ஏற்றுக்கொள்கிறேன். நீட்டிப்பு இயலாதெனில், எழுதி முடித்த ஆறு பக்கங்களைத் திங்கட்கிழமையே அளித்துவிடுகிறேன்.
>
> நன்றி.
>
> (பெயர், வகுப்பு, பதிவெண்)

காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்திருப்பதைப் பாருங்கள். காய்ச்சலின் அளவு, எடுத்துக்கொண்ட மாத்திரை, வீட்டில் வேறு யாருக்கு உடல்நலமில்லை என்று விரித்தால், நம்ப வைக்க முயல்வது போன்ற தோற்றம் உண்டாகிறது. சொல்ல விரும்பாத குடும்பச் சூழல் காரணமாக இருந்தால், "குடும்பத்தில் ஏற்பட்ட ஓர் இக்கட்டான சூழலால்" என்று எழுதி, "தேவையெனில் நேரில் தெரிவிக்கிறேன்" என்று சேர்க்கலாம். வெறுமனே "பர்சனல் பிராப்ளம்" என்று நிறுத்துவது கதவைச் சாத்துவது போல் ஆகிவிடும். இல்லாத இறப்பையும் நோயையும் எழுதாதீர்கள். அதே வகுப்பில் படிக்கும் நண்பர்கள் வழியாகவே உண்மை ஆசிரியரை வந்தடையும், அதன்பின் உண்மையான துயரத்தில் நீங்கள் எழுதும் கடிதத்துக்கும் மதிப்பு இருக்காது. படிக்கவில்லை, திட்டமிடத் தவறினேன் என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதலாம்: "காலத்தைச் சரியாகத் திட்டமிடாதது என் தவறு." இப்படி எழுதிய மாணவர்களுக்கு நீட்டிப்பு மறுக்கப்பட்டதுண்டு, ஆனால் அவர்கள் மீதான நம்பிக்கை குறைந்ததை நான் கண்டதில்லை.

இந்தக் கடிதம் கெடுவுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகவேனும் சென்று சேர வேண்டும். கெடு முடிந்துவிட்டால் இதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்புவது பொருந்தாது. அப்போது நீட்டிப்பு என்ற சொல்லுக்கே இடமில்லை, "14ஆம் தேதி அளித்திருக்க வேண்டிய ஒப்படைப்பை அளிக்கத் தவறிவிட்டேன், முன்கூட்டியே தெரிவிக்காததற்கும் வருந்துகிறேன்" என்று தொடங்கி, முடித்த ஒப்படைப்பைக் கையோடு இணைத்து, "தாமதமாக ஏற்றுக்கொள்வீர்களா?" என்று மட்டும் கேட்க வேண்டும். இணைக்க எதுவும் இல்லையென்றால், முதலில் எழுதி முடியுங்கள்.

பல்கலைக்கழக விதிப்படி துறைத்தலைவர் வழியாகவே செல்ல வேண்டிய நீட்டிப்புகளும் உண்டு. ஆய்வேட்டை அளிப்பதற்கான காலத்தை நீட்டிப்பது அத்தகையது. அதற்கு மட்டும் அனுப்புநர், பெறுநர், வழி, பொருள் என்ற பழைய விண்ணப்ப வடிவமும், நெறியாளரின் பரிந்துரைக் கையொப்பமும் தேவைப்படும். அங்கே "தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற தொடரே உரியது.

பதில் வந்தபின்னும் வராதபோதும்

இரண்டு வேலை நாட்கள் பதில் வரவில்லையெனில் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். பழைய செய்திக்குக் கீழே கேள்விக்குறிகளை மட்டும் இட்டு அனுப்புவதும், "பார்த்தீர்களா?" என்று கேட்பதும் கணக்குக் கேட்பது போல் ஒலிக்கும். "திங்கட்கிழமை அனுப்பிய என் வேண்டுகோள் தொடர்பாக மீண்டும் எழுதுகிறேன். நான் குறிப்பிட்ட நேரங்கள் கடந்துவிட்டதால், வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குச் சந்திக்க இயலுமா?" என்று புதிய நாளோடு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அடுத்த வகுப்பு முடிந்தவுடன் நேரில் ஒரு நிமிடம் கேட்பதே சரியான வழி. மூன்றாவது செய்தி வேண்டாம். கால நீட்டிப்பில் மட்டும், மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் வராத வரை பழைய கெடுவே நடப்பில் இருக்கிறது.

ஒப்புதல் வந்தால் கட்டைவிரல் குறியோடு நிறுத்திவிடாமல், "மிக்க நன்றி, அம்மா. 17ஆம் தேதி வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் அளித்துவிடுகிறேன்" என்று நாளையும் நேரத்தையும் திரும்ப எழுதுங்கள், இருவர் மனத்திலும் வேறு வேறு நாள் இருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும். மறுப்பு வந்தாலும் ஒரு வரி எழுத வேண்டும்: "தங்கள் விளக்கத்துக்கு நன்றி. எழுதிய பக்கங்களைத் திங்கட்கிழமை காலை துறையில் அளிக்கிறேன்." திங்கட்கிழமை காலை அந்த ஆறு பக்கங்களைப் பெயரும் பதிவெண்ணும் எழுதிய முகப்புத் தாளுடன் அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.